49 எப்படி 50 ஆகிறது: பல்கலைக்கழக மதிப்பெண் வீக்கம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு பல்கலைக்கழகத்தில் இருபது வருடத்துக்கு மேலாகப் புள்ளியியல் சொல்லிக்கொடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சாட்ஸ்வர்த்தில் தமிழ் வகுப்புக்குப் பிள்ளைகளை விட்டுவிட்டு வெளியே காத்திருக்கும் பெற்றோர், தாத்தா பாட்டிகள் என்னைப் பிடித்துக்கொண்டு கேட்கும் கேள்விகளில் பாதி மார்க்கைப் பற்றித்தான் இருக்கும். அவர்கள் கேட்டபடியே கீழே தருகிறேன்.

"மதிப்பெண் வீக்கம் என்கிறீர்களே சார், எல்லாருக்கும் நல்ல மார்க் வந்தால் அது கெட்ட விஷயமா?"

நல்ல மார்க் வருவது கெட்டதில்லை. அதே தரமான விடைக்குப் பத்து வருடம் முன்பு 55 போட்டோம், இன்று 63 போடுகிறோம் என்றால் அதுதான் வீக்கம். ரொட்டியைக் குடைந்து கறி ஊற்றித் தரும் பன்னி சௌ கடையில் அதே கால் ரொட்டி, அதே பீன்ஸ் கறி, விலை மட்டும் ஏறிக்கொண்டே போகிறதே, அது போலத்தான்.

ஆனால் இந்த ஒப்புமை ஒரு இடத்தில் உடைந்துபோகும். விலைக்கு உச்சவரம்பு கிடையாது. ரொட்டி விலை எவ்வளவு ஏறினாலும் முழு ரொட்டி கால் ரொட்டியைவிட விலை கூடுதலாகவே இருக்கும். மதிப்பெண்ணுக்கு 100 என்ற கூரை உண்டு. எல்லாரையும் மேலே தள்ளினால் ஏற்கெனவே மேலே இருந்தவர்கள் கூரையில் முட்டிக்கொண்டு நிற்பார்கள், கீழே இருந்தவர்கள் வந்து அவர்களோடு நெருக்கிக்கொள்வார்கள். எண்கள் பெரிதாவதைவிட, அவற்றுக்கு இடையே இருந்த தூரம் சுருங்கிப்போவதுதான் இதில் உண்மையான சேதம்.

"இதெல்லாம் அமெரிக்கா, இங்கிலாந்து கதை. இங்கே பாதிப் பிள்ளைகள் தேறவே மாட்டேன் என்கிறார்கள், இங்கே எங்கே வீக்கம்?"

அங்கே இது பெரிதாகத் தெரிவது உண்மைதான். அமெரிக்கக் கல்லூரிகளில் கொடுக்கப்பட்ட கிரேடுகளில் ஏ கிரேடு 1960 வாக்கில் சுமார் 15 சதவீதமாக இருந்தது, 2008-ல் 43 சதவீதம் ஆகியிருந்தது. இங்கிலாந்தில் முதல் வகுப்புப் பட்டம் வாங்கியவர்கள் 2010-11-ல் சுமார் 16 சதவீதம், 2020-21-ல் சுமார் 38 சதவீதம்.

தென்னாப்பிரிக்காவில் வேறொரு சங்கடம். பல்கலைக்கழகத்தில் சேர்கிறவர்களில் பெரும்பங்கினர் குறித்த காலத்துக்குள் பட்டம் வாங்குவதில்லை. 2013-ல் உயர்கல்வி மன்றமே மூன்று வருடப் பட்டத்தை நான்கு வருடம் ஆக்கலாம் என்று பரிந்துரைக்கும் அளவுக்கு நிலைமை இருந்தது. அரசு அதை ஏற்கவில்லை.

பலர் தோற்பதால் வீக்கம் இல்லை என்று ஆகிவிடாது. தேர்ச்சி விகிதம் 60 ஆக இருக்கும் ஒரு பாடம், பழைய அளவுகோலில் 45 ஆக இருந்திருக்கலாம். சொல்லப்போனால் தோல்வி அதிகம் உள்ள இடத்தில்தான் மார்க்கை ஏற்றும் அழுத்தமும் அதிகம். அமெரிக்காவில் வீக்கம் மேல்முனையில், ஏ மைனஸ் ஏ ஆவதில் நடக்கிறது. இங்கே அது பெரும்பாலும் 50 என்ற தேர்ச்சிக் கோட்டைச் சுற்றித்தான் நடக்கிறது.

"யார் ஏற்றுகிறார்கள்? இரக்கப்பட்ட வாத்தியாரா?"

எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் இரக்கப்பட்ட வாத்தியாரின் பங்கு சின்னது. ஒரு வாத்தியாரும் ஒரு மார்க்கூடக் கூடுதலாகப் போடாமலேயே மொத்த வகுப்பும் மேலே போய்விட முடியும். அதற்கு ஒரு கூட்டத்தில் ஒரு விகிதத்தை மாற்றினால் போதும். ஒரு உதாரணக் கணக்கு போட்டுக் காட்டுகிறேன், பேனா எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் வருடப் பாடம் ஒன்று. பழைய விதிப்படி இறுதி மதிப்பெண்ணில் வகுப்புத் தேர்வுகளுக்கு 30, வீட்டில் செய்யும் அசைன்மென்ட்டுக்கு 10, வருடக் கடைசிப் பரீட்சைக்கு 60 பங்கு. ஒரு மாணவி வகுப்புத் தேர்வுகளில் சராசரி 40, அசைன்மென்ட்டில் 80, பரீட்சையில் 41 வாங்குகிறாள்.

0.30 × 40 + 0.10 × 80 + 0.60 × 41 = 12 + 8 + 24.6 = 44.6

தேர்ச்சி இல்லை.

இப்போது துறைக் கூட்டத்தில் தொடர் மதிப்பீட்டுக்கு முக்கியத்துவம் கொடுப்போம் என்று முடிவாகிறது. புது விதிப்படி வகுப்புத் தேர்வுக்கு 20, அசைன்மென்ட்டுக்கு 30, வாராவாரம் கணினியில் செய்யும் சின்ன குவிஸ்களுக்கு 10, பரீட்சைக்கு 40. குவிஸை மூன்று தடவை முயலலாம், சிறந்ததுதான் கணக்கு, ஆகவே அதில் கிட்டத்தட்ட எல்லாரும் 90 வாங்குவார்கள். அதே மாணவிக்கு அதே அறிவோடு கணக்குப் பார்த்தால்:

0.20 × 40 + 0.30 × 80 + 0.10 × 90 + 0.40 × 41 = 8 + 24 + 9 + 16.4 = 57.4

44.6 வாங்கித் தோற்றவள் 57.4 வாங்கித் தேறிவிட்டாள். பரீட்சைத் தாளைத் திருத்தியவர் அவளுக்கு முன்பு போட்ட அதே 41-ஐத்தான் இப்போதும் போட்டிருக்கிறார்.

அதே வகுப்பில் கெட்டிக்காரப் பையன் ஒருவன். வகுப்புத் தேர்வு 82, அசைன்மென்ட் 88, குவிஸ் 95, பரீட்சை 80. பழைய விதியில் 81.4, புது விதியில் 84.3. அவளுக்கு ஏறியது 12.8, அவனுக்கு ஏறியது 2.9. இருவருக்கும் இடையே 36.8 இருந்த தூரம் 26.9 ஆகிவிட்டது. மேலே கூரை என்று சொன்னேனே, அது இதுதான்.

"அசைன்மென்ட்டில் மட்டும் ஏன் எல்லாரும் 80 வாங்குகிறார்கள்?"

கூடிச் செய்யலாம், கேட்டுச் செய்யலாம், நேரம் எடுத்துச் செய்யலாம். அதோடு 200 அசைன்மென்ட்டைத் திருத்துவது பெரும்பாலும் ட்யூட்டராக வேலை பார்க்கும் மேல்வகுப்பு மாணவர். அவர் 80-க்கும் 65-க்கும் நடுவில் தயங்கினால் 80 போடுவார், ஏனென்றால் 65 போட்டால் விளக்கம் எழுத வேண்டும்.

"அப்படியானால் விகிதத்தை ஏன் மாற்றினார்கள்? கெட்ட எண்ணமா?"

கெட்ட எண்ணம் இல்லை. ஒரே ஒரு மூன்று மணி நேரப் பரீட்சையில் ஒரு பிள்ளையின் தலைவிதியை நிர்ணயிப்பது நியாயமில்லை என்ற வாதத்தில் உண்மை இருக்கிறது. வீட்டில் படிக்க இடமில்லாமல் இரண்டு மினிபஸ் டாக்சி மாறி வருகிற பிள்ளைக்குத் தொடர் மதிப்பீடு ஒரு கைப்பிடி. இதை நான் மறுக்கவில்லை.

ஆனால் அந்த நல்ல காரணத்தோடு இன்னும் சில விஷயங்கள் ஒட்டிக்கொண்டு வருகின்றன. முதலாவது பணம். 2003-ல் வந்த அரசு நிதிக் கொள்கைப்படி பல்கலைக்கழகங்களுக்கு மாணவர் சேர்க்கைக்கு ஒரு பங்கு மானியம், பட்டம் பெற்று வெளியேறுகிறவர்களுக்கு இன்னொரு பங்கு மானியம், ஆராய்ச்சிக்குத் தனி மானியம். இரண்டாவது பங்குக்கு நோக்கம் நல்லது: பிள்ளைகளைச் சேர்த்துவிட்டுக் கைகழுவாதே, கரையேற்று என்பது. ஆனால் கரையேறியதாகச் சொல்வது யார்? மானியம் வாங்கும் அதே பல்கலைக்கழகம்தான்.

மாணவர் பக்கமும் பணம் உண்டு. அரசின் மாணவர் நிதி உதவித் திட்டம் கடனாக இருந்த காலத்தில், தேறிய பாடங்களின் கணக்குப்படி கடனில் 40 சதவீதம் வரை உதவித்தொகையாக மாற்றித் தள்ளுபடி செய்வார்கள். 2018-ல் வருடம் 350,000 ரேண்டுக்குள் வருமானம் உள்ள குடும்பத்துப் புதிய மாணவர்களுக்கு அது முழு உதவித்தொகை ஆனது. அதைத் தொடர்ந்து பெறவும் குறிப்பிட்ட அளவு பாடங்களில் தேற வேண்டும். ஆகவே என் மேசையில் இருக்கும் 48 என்ற எண் ஒரு குடும்பத்தின் அடுத்த வருட வாடகை, சாப்பாடு, எல்லாம். திருத்துகிறவருக்கு அது தெரியும்.

மூன்றாவதாக ஒன்று உண்டு. வெளியில் யாரும் அதைக் கவனிப்பதில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் பாடத்தில் பாதிக்கு மேல் தோற்றார்கள். மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது: தேர்ச்சி விகிதம் குறைவு, காரணம் எழுது, சரிசெய்ய என்ன திட்டம் என்று எழுது. மூன்று பக்கம் எழுதினேன். அதே மாடியில் இன்னொரு பாடத்தில் அநேகமாக எல்லாருமே தேறினார்கள். அவரிடம் யாரும் காரணம் கேட்கவில்லை. தேர்ச்சி குறைந்தால் விளக்கம் கேட்பார்கள், கூடினால் கேட்கமாட்டார்கள். இப்படி ஒரு பக்கம் மட்டும் தள்ளும் கதவை வைத்துவிட்டால் வருடாவருடம் எண்கள் எந்தப் பக்கம் நகரும்? அடுத்த வருடம் நானும் குவிஸ் வைத்தேன்.

"மாணவர்கள் வாத்தியாருக்கு மார்க் போடுகிறார்களாமே, அதுவும் காரணமா?"

ஓரளவுக்கு. பருவ முடிவில் மாணவர்கள் நிரப்பும் படிவம் பதவி உயர்வுக் கோப்பில் போகிறது. கடுமையாகத் திருத்தினால் அதில் அடி விழும் என்பது வெறும் புலம்பல் இல்லை. அமெரிக்காவில் வெல்லஸ்லி கல்லூரி 2004-ல் ஒரு விதி கொண்டுவந்தது: ஆரம்ப, இடைநிலைப் பாடங்களில் வகுப்பின் சராசரி பி பிளஸ்ஸைத் தாண்டக்கூடாது. விதியால் மார்க் குறைந்த துறைகளில் சேரும் மாணவர் எண்ணிக்கை குறைந்தது, அந்த ஆசிரியர்களுக்கு மாணவர்கள் கொடுத்த மதிப்பீடும் குறைந்தது. கற்பித்தது அதே ஆட்கள்தான்.

இதைவிட எனக்குப் பிடித்தது அமெரிக்க விமானப்படை அகாடமியில் செய்த ஆய்வு, 2010-ல் வெளியானது. அங்கே எந்த மாணவர் எந்த ஆசிரியரிடம் போவது என்பது குலுக்கல் மாதிரி அமையும், தேர்வு எல்லாருக்கும் பொது, அடுத்த நிலைக் கணிதம் எல்லாருக்கும் கட்டாயம். ஆய்வு செய்கிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்! முதல் பாடத்தில் மாணவர்களுக்கு நல்ல மார்க் வாங்கிக்கொடுத்து, அவர்களிடம் நல்ல மதிப்பீடும் பெற்ற ஆசிரியர்களின் மாணவர்கள், அடுத்த பாடத்தில் சராசரியாகப் பின்தங்கினார்கள். அனுபவமுள்ள ஆசிரியர்களிடம் படித்தவர்கள் அடுத்த பாடத்தில் முந்தினார்கள். வாத்தியார் நல்லவரா என்று பருவ முடிவில் கேட்பதைவிட ஒரு வருடம் கழித்துக் கேட்டால் வேறு பதில் வரும்.

"வெளித் தேர்வாளர் என்று ஒருவர் இருக்கிறாரே, அவர் கண்டுபிடிக்கமாட்டாரா?"

இருக்கிறார். பொதுவாகக் கடைசி வருடப் பாடங்களுக்கு வேறு பல்கலைக்கழகத்திலிருந்து ஒருவர் கேள்வித்தாளையும் திருத்திய தாள்களில் ஒரு மாதிரிக் கட்டையும் பார்ப்பார். நானும் அந்த வேலை செய்திருக்கிறேன். நல்ல தாள் சில, நடுத்தரம் சில, தோற்றது சில என்று ஒரு கட்டு வரும். கூட்டல் சரியா, 15 மார்க் கேள்விக்குப் போட்டது நியாயமா என்று பார்ப்போம்.

நாம் பார்ப்பது பரீட்சைத் தாளை. மேலே போட்ட கணக்கில் பாருங்கள், பரீட்சைத் தாள் சுத்தமாக இருந்தது, 41-க்கு 41. ஏற்றம் நடந்தது அசைன்மென்ட்டிலும் குவிஸிலும் விகிதத்திலும். அவை கட்டில் வருவதே அபூர்வம். பூட்டு வாசலில் நன்றாகத்தான் இருக்கிறது, பின்பக்க ஜன்னலை யாரும் சோதிப்பதில்லை.

"மார்க் ஏறினால் அது வீக்கமா, பிள்ளைகள் நிஜமாகவே நன்றாகப் படித்தார்களா என்று எப்படித் தெரியும்?"

இதுதான் கஷ்டமான கேள்வி. சராசரி ஏறியதை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. நல்ல பிள்ளைகள் சேர்ந்திருக்கலாம், பாடம் நன்றாக நடந்திருக்கலாம். நான் பார்ப்பது சில அடையாளங்கள்.

முதலில் பரீட்சை மார்க்கையும் வகுப்பு மார்க்கையும் தனித்தனியாக வரைந்து பார்ப்பேன். இரண்டும் சேர்ந்து ஏறினால் சந்தோஷம். வகுப்பு மார்க் மட்டும் 58-லிருந்து 72-க்குப் போய், பரீட்சை மார்க் 48-லேயே நின்றால் நடுவில் உள்ள இடைவெளிதான் காற்று. பரீட்சைத் தாளே எளிதாகியிருக்கலாம் இல்லையா? அதற்காக ஒவ்வொரு வருடமும் ஒரே ஒரு கேள்வியை, எண்களை மட்டும் மாற்றி, திரும்ப வைப்பேன். என்னிடம் அது நிபந்தனை நிகழ்தகவு பற்றிய ஒரு 12 மார்க் கேள்வி. மொத்தச் சராசரி ஆடினாலும் அந்தக் கேள்வியின் சராசரி ஏறுகிறதா என்று பார்த்தால் கொஞ்சம் உண்மை தெரியும்.

அடுத்தது வரைபடத்தின் உருவம். இயல்பான வகுப்பில் 46, 47, 48, 49, 50, 51 வாங்கியவர்கள் எண்ணிக்கை கிட்டத்தட்ட ஒரே மாதிரி வழுக்கிக்கொண்டு போக வேண்டும். நிஜத்தில் வரைந்தால் 48, 49-ல் ஒரு பள்ளம், 50-ல் ஒரு கோபுரம். 73, 74-ல் இன்னொரு பள்ளம், 75-ல் சின்னக் கோபுரம், ஏனென்றால் 75 டிஸ்டிங்ஷன். இயற்கை இப்படிக் குழி தோண்டாது, மனிதன்தான் தோண்டுவான்.

இங்கே ஒரு எச்சரிக்கை. 50-ல் உள்ள கோபுரம் முழுவதும் வீக்கம் இல்லை. பல இடங்களில் சப் என்ற மறுதேர்வை எழுதித் தேறியவருக்கு எவ்வளவு நன்றாக எழுதினாலும் 50 என்றுதான் பதிவாகும். அவர்களைக் கணக்கிலிருந்து பிரித்த பிறகும் பள்ளம் தெரிந்தால்தான் அது திருத்துகிறவர் கை.

வெளியே ஒரு பொதுத் தேர்வு இருக்கும் துறைகளில் சோதிப்பது எளிது. பட்டயக் கணக்காளர் ஆக விரும்புகிறவர்கள் பட்டம் முடித்தபின் பட்டயக் கணக்காளர் அமைப்பின் தகுதித் தேர்வை எழுத வேண்டும், எல்லாப் பல்கலைக்கழகத்துப் பிள்ளைகளும் அதே தாள். உள்ளே 75, அங்கே தோல்வி என்று ஒரு கூட்டமே வந்தால் மறைக்க முடியாது. அதனால்தான் அந்தத் துறைகளில் மார்க்கை ஏற்றப் பயப்படுவார்கள். என் துறை மாதிரி வெளித் தேர்வு இல்லாத துறைகளில் அந்தப் பயம் இல்லை.

"என் பேத்தி மெட்ரிக்கில் ஏழு ஏ. முதல் வருடம் கணிதத்தில் 43. பல்கலைக்கழகம் கடுமையாக இருக்கிறதா, மெட்ரிக் வீங்கியிருக்கிறதா?"

பாட்டி, இரண்டும் கொஞ்சம் கொஞ்சம். பள்ளி முடிவில் எழுதும் மெட்ரிக்கில் 80-க்கு மேல் ஏ, பல்கலைக்கழகத்தில் 75 டிஸ்டிங்ஷன், இரண்டும் வேறு அளவுகோல். வீட்டில் இதை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை.

மெட்ரிக் மார்க்கை உமலுசி என்ற அமைப்பு முந்தைய வருடங்களோடு ஒப்பிட்டுச் சரிசெய்கிறது. தாள் கடினமாக இருந்தால் ஏற்றும், எளிதாக இருந்தால் இறக்கும், அதற்கும் 10 சதவீதம் என்ற எல்லை உண்டு. அதாவது கண்ணுக்குத் தெரிந்த, இரண்டு பக்கமும் திறக்கும் கதவு. பல்கலைக்கழகங்களில் அப்படி ஒன்றும் கிடையாது.

ஆனாலும் 2008-ல் இப்போதைய மெட்ரிக் முதல்முறை நடந்தபோது எழுதியவர்களில் ஐந்தில் ஒரு பங்குதான் பட்டப்படிப்புக்குத் தகுதியான தேர்ச்சி பெற்றார்கள். 2024-ல் அது 47.8 சதவீதம். இதில் எவ்வளவு கற்பித்தலின் முன்னேற்றம், எவ்வளவு எளிய பாடங்களுக்கு மாறியது, எவ்வளவு பன்னிரண்டாம் வகுப்புக்கு முன்பே நின்றுவிட்டவர்களால் வந்தது என்று சண்டை ஓய்ந்தபாடில்லை. சில பல்கலைக்கழகங்கள் மெட்ரிக்கோடு தேசிய அளவுகோல் தேர்வுகளையும் எழுதச் சொல்வது இந்தச் சந்தேகத்தால்தான்.

பேத்தியிடம் ஏழு ஏ பற்றிப் பேசாதீர்கள். அந்த 43-ல் பரீட்சை எவ்வளவு என்று மட்டும் கேளுங்கள்.

"எல்லாருக்கும் கொஞ்சம் ஏறினால் எல்லாரும் சமம்தானே அண்ணா? யாருக்கு என்ன நஷ்டம்?"

நஷ்டப்படுவது சிபாரிசு இல்லாத கெட்டிக்காரப் பிள்ளை. டர்பனை ஒட்டிய ஃபீனிக்ஸில் பஸ் டிரைவரின் மகள் ஒருத்தி 84 வாங்குகிறாள் என்று வையுங்கள். அவளிடம் காட்டுவதற்கு அந்த எண் ஒன்றுதான் இருக்கிறது. வேலைக்கு எடுப்பவர் முன்னால் எல்லாரும் 75-க்கும் 85-க்கும் நடுவில் இருந்தால் அவர் மார்க்கைப் பார்ப்பதை விட்டுவிடுவார். அப்புறம் எதைப் பார்ப்பார்? எந்தப் பள்ளி, விடுமுறையில் எந்தக் கம்பெனியில் பயிற்சி எடுத்தாய், யார் சொல்லி வந்தாய். இவை யாரிடம் இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். 1960-களில் டர்பன் துறைமுகத்தின் சாலிஸ்பரி தீவில் இந்தியருக்கென்று ஒதுக்கிய கல்லூரியில் படித்த தலைமுறைக்கு, மார்க் தவிர வேறு கதவு இருக்கவில்லை. அந்த ஒரு சாவியைத்தான் நாம் இப்போது தேய்த்துக்கொண்டிருக்கிறோம்.

இன்னொரு நஷ்டம் 57.4 வாங்கினாளே, அவளுக்கு. தான் தேறிவிட்டதாக நம்பி அடுத்த பாடத்துக்குப் போகிறாள். அங்கே முந்தைய பாடம் தெரியும் என்று வைத்துக்கொண்டு ஆரம்பிப்பார்கள். 44.6 என்று அப்போதே தெரிந்திருந்தால் ஒரு பருவம் திரும்பப் படித்திருப்பாள். இப்போது ஒரு வருடம் தள்ளி, கடன் ஏறியபின், மூன்றாம் வருடத்தில் விழுகிறாள். தோல்வி எங்கேயும் போய்விடவில்லை, விலை ஏறிய இடத்துக்கு மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

"கோவிட் காலத்தில்தான் எல்லாம் கெட்டுப்போனதா?"

கோவிட் வேகப்படுத்தியது. வீட்டிலிருந்து புத்தகம் திறந்து எழுதிய தேர்வுகளில் மார்க் துள்ளியது. இங்கிலாந்தில் பெருந்தொற்றுக்கு முந்தைய சராசரிக்குக் கீழே யாருடைய மார்க்கும் போகாது என்றுகூடப் பல இடங்களில் விதி வைத்தார்கள். ஆனால் அங்கே முதல் வகுப்பு அதற்கு முன்பே பல வருடமாக ஏறிக்கொண்டிருந்தது. 2021-22-ல் சுமார் 33 சதவீதத்துக்கு இறங்கியது, பழைய 16-க்குத் திரும்பவில்லை.

"யாராவது இதைத் தடுத்துப் பார்த்தார்களா?"

பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் 2004-ல் ஏ கிரேடு 35 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்று துறைகளுக்கு இலக்கு வைத்தது. மார்க் இறங்கியது. ஆனால் மற்ற பல்கலைக்கழகங்கள் இறக்கவில்லை. வேலைக்குப் போட்டி போடும்போது எங்களுக்கு மட்டும் தண்டனையா என்று மாணவர்கள் கேட்டார்கள், நியாயம்தான். பத்து வருடத்தில், 2014-ல், விதியைக் கைவிட்டார்கள். தனியாக ஒருவர் மட்டும் நிறுத்த முடியாத பந்தயம் இது.

கார்னெல் பல்கலைக்கழகம் வேறு வழியில் போனது. வகுப்பை மேல்பாதி, கீழ்பாதி என்று பிரிக்கும் நடுநிலை மதிப்பெண்ணை ஒவ்வொரு பாடத்துக்கும் 1998 முதல் இணையத்தில் வெளியிட்டது. 84 என்றால் அந்த வகுப்பில் எல்லாரும் 84-ஆ என்று பார்க்கிறவருக்குத் தெரியட்டும் என்பது எண்ணம். நடந்தது என்ன? எந்தப் பாடத்தில் மார்க் தாராளம் என்று மாணவர்கள் பார்த்து அந்தப் பாடங்களுக்கு ஓடினார்கள். பட்டியலை எல்லாருக்கும் காட்டியதுதான் பிழை என்று நினைக்கிறேன். வகுப்பின் நடுநிலையை ஆரம்பத்திலிருந்தே மாணவரின் மதிப்பெண் பட்டியலில், அவர் மார்க்குக்குப் பக்கத்தில் அச்சடித்திருந்தால் தாராளப் பாடத்துக்கு ஓடுவதில் லாபம் குறைந்திருக்கும்.

என்னைக் கேட்டால் உச்சவரம்பு வேண்டாம். பரீட்சை மார்க், வகுப்பு மார்க், வகுப்பின் நடுநிலை என்று மூன்று எண்ணையும் பட்டியலில் போட்டால் போதும். கூட்டத்தில் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். கணினி அமைப்பில் அதற்கு இடமில்லை என்றார்கள்.

"மகனின் மார்க் பட்டியலில் நாங்கள் எதைப் பார்க்க வேண்டும்?"

முதல் வருடப் பாடத்தில் 65, அதையே தொடரும் இரண்டாம் வருடப் பாடத்தில் 50 என்று ஒரே வரிசையில் சறுக்கினால் அந்த 65-ஐ நம்பாதீர்கள். எந்தப் பாடத்திலும் பரீட்சையில் மட்டும் எவ்வளவு என்று கேளுங்கள், தாளைப் பார்க்கப் பெரும்பாலான இடங்களில் அனுமதி உண்டு. பட்டியலில் 50, 50, 50 என்று வரிசையாக வந்தால் சப் எழுதினானா, மன்னித்துத் தேற்றினார்களா என்று அவனிடமே கேளுங்கள். சப் எழுதித் தேறியிருந்தால் சந்தோஷப்படலாம், அவன் இரண்டாவது தடவை உட்கார்ந்து படித்திருக்கிறான்.

"நீங்கள் 49-ஐ 50 ஆக்கியதே இல்லையா சார்?"

ஆக்கியிருக்கிறேன். நவம்பரில் தாள்கள் முடிந்ததும் 47, 48, 49 வாங்கியவற்றை எடுத்து ஒரு தனிக் கட்டாக மேசையில் வைப்பேன். எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். நான்காம் கேள்வியில் சூத்திரம் சரி, பிரதியிட்டது தப்பு, அங்கே ஒன்று போடலாம். வரைபடத்தில் அச்சுக்குப் பெயர் எழுதியிருக்கிறாள், அரை. 49, 50 ஆகிவிடும். ஒவ்வொரு மார்க்கும் நியாயமானதுதான், யார் கேட்டாலும் காட்ட முடியும்.

சில வருடம் கழித்துத்தான் எனக்கே உறைத்தது: 51-ஐயும் 52-ஐயும் நான் ஒருநாளும் மறுபடி எடுத்துப் பார்த்ததில்லை. அந்தத் தாள்களிலும் தவறாகப் போட்ட அரை மார்க்குகள் இருந்திருக்கும். திருத்தும் பிழை இரண்டு பக்கமும் நடக்கும், நான் ஒரு பக்கத்தை மட்டும் தேடிக்கொண்டிருந்தேன். புள்ளியியல் வாத்தியார், வெட்கம்தான்.

இப்போது 47-லிருந்து 53 வரை எல்லாத் தாளையும், மொத்தம் எழுதிய முதல் பக்கத்தை மடித்துவைத்துவிட்டு, திரும்பத் திருத்துகிறேன். முதல் வருடம் அப்படிச் செய்தபோது சில தாள் ஏறியது, சில தாள் இறங்கியது. 51 வாங்கிய பையன் ஒருவன் 49-க்கு வந்து சப் எழுத வேண்டியதாயிற்று. அம்மாவோடு என் அறைக்கு வந்தான். தாளை விரித்து இரண்டாம் கேள்வியைக் காட்டினேன். அந்த அம்மா வெகுநேரம் பார்த்துவிட்டு, "சரி சார், அந்தக் கூட்டல் தப்புதான், ஆனால் நீங்கள் ஏன் மறுபடி பார்த்தீர்கள்?" என்று கேட்டார்.